ஆப்பை அழித்தாலும் பணம் போவது ஏன்?

''பயிர் ஆலோசனை தரும் சிறிய ஆப் ஒன்றில் 1 ரூபாய் கட்டி, 7 நாள் சோதனைக்குச் சேர்ந்தேன். பிடிக்காததால் ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் மாதம் 199 ரூபாய் போகிறது. எப்படி நிறுத்துவது?''

- வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்.

''1 ரூபாய் கட்டியபோது நீங்கள் போட்ட யூ.பி.ஐ பின், மாதாமாதம் பணம் எடுக்கவும் அனுமதி கொடுத்திருக்கும். அந்த அனுமதி வங்கிக் கணக்கோடு சேர்ந்தது. ஆப்பை அழித்தாலும் நீடிக்கும். நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யூ.பி.ஐ ஆப்பில், AutoPay என்ற பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்துக்கான அனுமதியை ரத்து செய்யுங்கள். இனி பணம் போகாது.

போன பணத்துக்கு, அந்த ஆப்பின் நிபந்தனைகளில் renewal, refund என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். 'எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது' என்று எழுதியிருந்தாலும், அதுவே முடிவல்ல. நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச ஒப்பந்தத்தை எதிர்த்து, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதையும் 2023-ம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. ஆனால், 'மாதம் 199 ரூபாய் எடுக்கப்படும்' என்று பணம் கட்டும் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால், திரும்பப் பெறுவது கடினம்.

கட்டணப் பக்கம், நிபந்தனை, வங்கிக் குறுஞ்செய்தி மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.''