“சிறந்த மாணவி” என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பழைய மாணவர்கள் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பாடசாலைக்கு வருவார்கள். கையில் பெரும்பாலும் ஒரு பிரதி இருக்கும். நாநா போன வருடம் வாங்கியது, அல்லது கூட்டாளியுடையது. பெயரை மாற்றிக் கையெழுத்து வைத்துத் தந்தால் போதும் என்பார்கள். நாமும் வேலைப்பளுவில் அதைத்தான் இலேசான வழி என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு அந்தக் கடிதத்தால் என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்போம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவி கொண்டுவந்த பிரதியில் இப்படி இருந்தது: “இவர் எமது பாடசாலையின் மிகச் சிறந்த மாணவிகளுள் ஒருவர். ஒழுக்கமும் பணிவும் கீழ்ப்படிவும் மிக்கவர். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். படிப்பிலும் புறக்கிருத்தியங்களிலும் திறமையானவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் இது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். தெரிவுக் குழுவில் இருப்பவர் அன்று எத்தனையோ கடிதங்கள் பார்க்கிறார். எல்லாவற்றிலும் எல்லாரும் மிகச் சிறந்தவர்கள். ஒரே பாடசாலையிலிருந்து ஒரே வசனத்தோடு இரண்டு கடிதம் போய்விட்டால் இரண்டு பிள்ளைகளையும் நம்பமாட்டார்கள்.

அந்த மாணவிக்குத் தரம் 10, 11 இல் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை கடிதத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தார். நாமும் கூட இருந்தோம். முதலில் எழுதவில்லை. அந்தப் பிள்ளை செய்ததாக நம் கண்ணால் கண்டது என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். ஆசிரியைக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒளித்தொகுப்புப் பரிசோதனை.

இருட்டில் வைத்த செடியின் இலையில் மாப்பொருள் இருக்காது, அயடீன் விட்டால் நீலக் கருமை வராது என்று புத்தகத்தில் இருக்கிறது. அன்று செடி ஒரு நாள்தான் இருட்டில் இருந்தது. அயடீன் விட்டதும் இலை நீலக் கருமையானது. மற்றக் குழுக்கள் புத்தகத்தில் உள்ள முடிவையே கொப்பியில் எழுதின. இந்தப் பிள்ளை கண்டதை எழுதி, “செடி இருட்டில் இருந்த நேரம் போதாமல் இருக்கலாம்” என்று கீழே குறித்திருந்தார். பிறகு செடியை 48 மணித்தியாலம் அலுமாரிக்குள் வைத்துத் திரும்பச் செய்துகாட்டினார். இரண்டாம் முறை நீலக் கருமை வரவில்லை.

பழைய பிரதியில் இருந்த “திறமையானவர்” என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக இந்தச் சம்பவம் நான்கு வசனத்தில் போனது. “நேர்மையானவர்”, “ஆராயும் மனம் கொண்டவர்” என்ற சொற்கள் தேவைப்படவே இல்லை. படிப்பவரே அந்த முடிவுக்கு வந்துவிடுவார். அவராக வந்த முடிவைத்தான் அவர் நம்புவார்.

அடுத்தது ஒழுங்கு. கடிதம் ஒரு பக்கம், நான்கு பந்தி.

முதல் பந்தியில் நாம் யார், பிள்ளையை எப்படி, எவ்வளவு காலம் தெரியும் என்பது வரவேண்டும்: “தரம் 10, 11 இல் இவருக்கு விஞ்ஞானம் கற்பித்தேன். ஆய்வுகூடப் பொறுப்பும் என்னிடம் இருந்ததால் வகுப்புக்கு வெளியிலும் இவரது வேலையைக் கண்டிருக்கிறேன்.” இது இல்லாவிட்டால் பின்னால் வரும் புகழுக்கு அடித்தளம் இல்லை. அதிபரின் கையெழுத்துத்தான் கனம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பிள்ளையின் கொப்பியைத் திருத்தாத அதிபரால் இந்தப் பந்தியை எழுத முடியாது. படிப்பித்தவர் எழுதட்டும், விண்ணப்பம் கேட்டால் அதிபர் உறுதிப்படுத்தட்டும்.

இரண்டாம் பந்தியில் மேலே சொன்ன சம்பவம். விண்ணப்பித்தது உயிரியல் பட்டப்படிப்புக்கு என்பதால் அதுவே முன்னுக்கு வந்தது. தாதியர் பயிற்சிக்கு என்றால் வேறொன்றைத் தேடியிருப்போம்.

மூன்றாம் பந்தியில் ஒப்பீடு. “மிகச் சிறந்தவர்” என்றால் எத்தனை பேரில், எதில் என்று சொல்லவேண்டும். ஆசிரியை எழுதியது: “அந்த வகுப்பின் 38 பேரில் செயன்முறைக் குறிப்பை மிகக் கவனமாக எழுதிய மூவருள் ஒருவர். தரம் 10 முதலாம் தவணையில் விஞ்ஞானத்தில் 48 புள்ளி பெற்றவர், தரம் 11 இறுதித் தவணையில் 79 பெற்றார்.” 48 ஐ மறைக்கலாமே என்று மாணவியின் உம்மா கேட்டார். மறைத்தால் 79 வெறும் இலக்கம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பிள்ளை நடந்துவந்த தூரம் தெரியும்.

கடைசிப் பந்தியில் ஒரு குறையும் சிபாரிசும். “ஆங்கிலத்தில் எழுதுவதைவிடப் பேசுவதில் தயக்கம் உண்டு. ஆயினும் கடைசி வருடம் பரிசோதனை விளக்கங்களை ஆங்கிலத்தில் சொல்லத் தானாக முன்வந்தார்.” குறை சொன்னால் பிள்ளைக்குப் பாதகம் என்று பயப்படுகிறோம். உண்மையான, திருத்தக்கூடிய ஒரு குறையைச் சொல்பவரின் புகழைத்தான் மற்றவர் நம்புவார். ஆனால் பிள்ளை தனியாகச் சொன்ன நோய், வீட்டுப் பிரச்சினை போன்றவற்றை அவரது சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது.

நீக்கியவை பற்றியும் சொல்லவேண்டும். “பணிவு, கீழ்ப்படிவு, நல்ல குடும்பம்” மூன்றும் போயின. பணிவு கெட்ட குணமல்ல. ஆனால் நம் கடிதங்களைப் பாருங்கள், ஆண்பிள்ளைக்கு “தலைமைத்துவம்” என்றும் பெண்பிள்ளைக்கு “அடக்கம்” என்றும் கை தானாக எழுதுகிறது. இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. மடேரா, ஹெப்ல், மார்ட்டின் ஆகியோர் அமெரிக்காவில் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகளுக்கு வந்த சிபாரிசுக் கடிதங்களை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டார்கள். பெண்களைப் பற்றிய கடிதங்களில் அன்பு, அனுசரணை போன்ற சொற்கள் கூடுதலாக இருந்தன. அப்படியான சொற்கள் கூடிய கடிதங்களுக்கு மதிப்பீடு குறைந்தது. புகழ்வதாக நினைத்து நாம் எழுதும் சொல்லே நம் பெண்பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளலாம்.

முடித்தபின் ஒரு சோதனை. அந்தக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு வசனத்துக்கும் “உதாரணம் சொல்லுங்கள்” என்று கேட்டால் பதில் இருக்கிறதா? பதில் இல்லாத வசனத்தை வெட்டவேண்டும். பாதிக்கு மேல் வெட்டவேண்டி வந்தால் அந்தப் பிள்ளையை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். அப்போது தெரிந்த ஆசிரியரைக் காட்டிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்பது இதுதான். முடிவுத் திகதிக்கு முதல்நாள் வராமல் இரண்டு கிழமை முன்னதாக வாருங்கள். விண்ணப்பப் படிவம், தவணை அறிக்கைகள், கிடைத்தால் பழைய செயன்முறைக் கொப்பி இவற்றைக் கொண்டுவாருங்கள். நாநாவின் கடிதப் பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.