“இவ்வாய்வு சில வரம்புகளுக்கு உட்பட்டது” என்பது முடிவுரை அன்று

சென்ற வாரம் முதுகலை மாணவர்களின் தரவு ஆய்வேடுகள் சிலவற்றைப் படித்துக் கருத்துரைக்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்று, 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் தாய்மொழி அட்டவணைகளை ஒப்பிடுகிறது. அட்டவணைகளும் வரைபடங்களும் செம்மையாக இருந்தன. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதன் முடிவுரைப் பத்தி இப்படி அமைந்திருந்தது:

“மேற்கண்ட பகுப்பாய்வின் அடிப்படையில், இந்தி 43.63 விழுக்காட்டினரால் பேசப்படுவதும் ஒரு பத்தாண்டில் 25.19 விழுக்காடு வளர்ச்சி கண்டிருப்பதும், தமிழ் 13.54 விழுக்காடு மட்டுமே வளர்ந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளன. எனவே பிறமொழிகளின் இடத்தை இந்தி கைப்பற்றி வருவது நிறுவப்படுகிறது. இவ்வாய்வு சில வரம்புகளுக்கு உட்பட்டது. எதிர்கால ஆய்வுகள் இதனை மேலும் விரிவுபடுத்தலாம்.”

எழுதிய மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “அக்கா, எல்லா ஆய்வேட்டிலும் இப்படித்தானே முடிக்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். உண்மைதான். நம் துறைகளில் இதைத்தான் கற்பிக்கிறோம். என் சினம் அந்தக் கற்பித்தலின் மீது.

இப்பத்தியின் நான்கு வாக்கியங்களில் முதலாவது எண்களைத் திரும்பச் சொல்கிறது. இரண்டாவது, அந்த எண்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. கடைசி இரண்டும் உலகத்தின் எந்த ஆய்வேட்டின் கடைசியிலும் ஒட்டக்கூடியவை. வரம்பு என்ன, அது எந்தக் கூற்றைத் தாக்குகிறது, எவ்வளவு தாக்குகிறது என்று சொல்லாத வரை, அதைக் குறிப்பிட்டதும் குறிப்பிடாததும் ஒன்றே.

43.63 விழுக்காட்டிலிருந்து தொடங்குவோம். 2011 அட்டவணையில் ‘இந்தி’ என்ற தலைப்பின்கீழ் 52.83 கோடிப் பேர் உள்ளனர். ஆனால் அது ஒரு தொகுப்புத் தலைப்பு. அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடங்கியுள்ளன. போஜ்புரி 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி என அந்தப் பட்டியல் நீள்கிறது. தாய்மொழி ‘இந்தி’ என்றே வகைப்படுத்தப்பட்டவர்கள் 32.22 கோடி. நாட்டின் மக்கள்தொகையான 121.09 கோடியில் இது 27 விழுக்காட்டைச் சற்றே எட்டாத அளவு. 44 என்பதற்கும் 27 என்பதற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ இருபது கோடி மனிதர்கள். இதை ‘சில வரம்புகள்’ என்ற இரு சொற்களுக்குள் புதைக்கலாமா?

இந்தத் தொகுப்பு மொழியியலார் மட்டும் கூடி வகுத்ததும் அன்று. 1991 அட்டவணையில் இந்திக்குள் இருந்த மைதிலி, 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதன்பின் வெளியான அட்டவணைகளில் அது தனிமொழி. மைதிலி பேசுவோரின் நாவில் எந்த மாற்றமும் நிகழவில்லை. தலைப்புதான் மாறியது.

இனி ஒரு நுட்பம். தொகுத்தல் என்னும் இவ்வரம்பு, இந்தியின் பங்கைப் பற்றிய கூற்றைக் கடுமையாகத் தாக்குகிறது. ஆனால் வளர்ச்சி பற்றிய கூற்றை அநேகமாகத் தொடுவதே இல்லை. ‘இந்தி’ என்று மட்டும் வகைப்படுத்தப்பட்டோர் 2001இல் 25.79 கோடி, 2011இல் 32.22 கோடி. வளர்ச்சி ஏறத்தாழ 25 விழுக்காடு. தொகுப்பின் வளர்ச்சியும் அதே அளவுதான். ஆகவே தொகுத்தலைக் காட்டி வளர்ச்சி எண்ணைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வரம்பையும் அது தாக்கும் கூற்றின் அருகில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பொதுவாக மன்னிப்புக் கேட்பவருக்கு இந்த வேறுபாடு தென்படவே தென்படாது.

வளர்ச்சிக் கூற்றைத் தாக்குவது வேறொன்று: மக்கள்தொகைப் பெருக்கம். அதே பத்தாண்டில் பீகாரின் மக்கள்தொகை 25.4 விழுக்காடும், ராஜஸ்தானின் மக்கள்தொகை 21.3 விழுக்காடும், உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 20.2 விழுக்காடும் பெருகின. தமிழ்நாட்டின் பெருக்கம் 15.6 விழுக்காடு. இவற்றை அருகில் வைத்துப் பார்த்தால், இரு மொழிகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி பிறப்பு விகிதத்தின் கதை என்பது விளங்கும். முழுவதும் அப்படியா? இல்லை. இந்தியின் 25 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்தின் பெருக்கத்தைவிட ஐந்து புள்ளி கூடுதல். அந்த மிச்சத்திற்கு, முன்பு வேறு பெயரில் தம் மொழியைப் பதிந்தவர்கள் இந்தி என்று மாற்றிப் பதிந்தது காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். இந்த அட்டவணை அதைச் சொல்லாது. சொல்லாது என்பதை முடிவுரை சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது வரம்பு, கேள்வியிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழி. அவர் இன்று அலுவலகத்திலோ சந்தையிலோ எதைப் பேசுகிறார் என்பது அன்று. ‘பேசப்படுகிறது’, ‘கைப்பற்றி வருகிறது’ ஆகிய வினைகள் பயன்பாட்டைக் குறிக்கின்றன. தரவு பயன்பாட்டை அளக்கவில்லை. ஒரு வினைச்சொல்லைத் தவறாகத் தேர்ந்ததால் ஆய்வு தன் தரவை விட்டே வெளியேறிவிட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்து நானும் அந்த மாணவரும் திருத்தி எழுதிய பத்தி இது:

“2011 கணக்கெடுப்பு ‘இந்தி’ என்று தொகுத்துக் காட்டும் தலைப்பின்கீழ் இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் வருகிறார்கள். போஜ்புரி, ராஜஸ்தானி போன்றவற்றைத் தனியே எடுத்துவிட்டால் 27 பேர் எஞ்சுகிறார்கள். 2001க்குப் பிந்தைய பத்தாண்டில் இந்தி, தமிழைவிட வேகமாக வளர்ந்தது. இதற்குப் பெரும் காரணம் வடமாநிலங்களின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது; எஞ்சிய சிறு வேறுபாட்டின் காரணத்தை இத்தரவால் அறிய இயலாது. கணக்கெடுப்பு கேட்டது தாய் பேசிய மொழியை மட்டுமே. ஆகவே மக்கள் தம் மொழியைக் கைவிட்டு இந்திக்கு மாறுகிறார்களா என்ற கேள்விக்கு இவ்வாய்வில் விடை இல்லை.”

இதில் ‘கண்டறியப்பட்டுள்ளது’, ‘நிறுவப்படுகிறது’ ஆகியவை இல்லை. மொழியியல் படிக்காத ஒருவர் வாசித்தாலும் புரியும். அதனால்தான் “இது செய்தித்தாள் நடை, ஆய்வு நடை அன்று” என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பெழுதினார். ஆய்வு நடை என்பது எது? செயப்பாட்டு வினைகளுக்குப் பின்னால், யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்பதை மறைப்பதா? எளிய வாக்கியத்தில் மிகைக்கூற்று உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடின நடையை நாம் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

“வரம்பை இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் ஆய்வு பலவீனமாகத் தோன்றும்” என்பது மற்றோர் எதிர்ப்பு. தோன்றட்டும். முதற்பத்தியின் பெரிய முழக்கம் ஓர் எளிய கேள்வியில் சரிந்துவிடுகிறது. இரண்டாம் பத்தி சொல்வது குறைவு. ஆனால் சொன்ன ஒவ்வொன்றையும் அது தாங்கி நிற்கிறது. மொழிக் கணக்கு இந்நாட்டில் அரசியல் மேடை வரை செல்லும். மேடைக்குச் செல்வது நம் பத்தாம் அட்டவணையோ அடிக்குறிப்போ அன்று, கடைசிப் பத்திதான். அதில் 44 என்று மட்டும் எழுதிவிட்டு, தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று பிறகு பிறரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வழிகாட்டிகளாகவும் மதிப்பீட்டாளர்களாகவும் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை “சில வரம்புகளுக்கு உட்பட்டது” என்ற வரியைக் கண்டால், அதன் கீழே கோடிட்டு, ‘எந்த வரம்பு? எந்தக் கூற்றுக்கு?’ என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள்.