ஆஷாடமும் ஆடியும்: ஒரே கடையின் இரண்டு குரல்கள்

ஆடித் தள்ளுபடியை மொழிபெயர்க்க முடியாது. சித்தூரிலும் திருப்பதியிலும் விளம்பரம் எழுதுவோர் இதை ஆண்டுதோறும் மறந்துவிடுகின்றனர்.

தெலுங்கு ஆஷாடம் சந்திர மாதம். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடிவது. தமிழ் ஆடி சூரிய மாதம். சூரியன் கடகத்தில் புகும் ஜூலை நடுவில் தொடங்குவது. இரண்டிலும் திருமணம் செய்வதில்லை. வழக்கமாக விற்பனை சரியும் அந்த வெறுமையை நிரப்பவே இரு மொழிப் பகுதிகளிலும் வணிகர்கள் தள்ளுபடியைப் பருவமாக்கினர். காரணம் ஒன்றாக இருப்பதால் பெயரும் ஒன்றுதான் என்ற மயக்கம் பிறக்கிறது. 'ஆஷாடம்' என்று வரும் இடமெல்லாம் 'ஆடி' என்று தமிழில் ஒட்டப்படுகிறது.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். ஆஷாடம் ஜூன் 26இல் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. ஆடி முதல் நாள் ஜூலை 17. ஜூன் இறுதியில் 'ஆடித் தள்ளுபடி' என்று தமிழ்ப் பலகை வைக்கும் கடை, ஆனி மாதத்திலேயே ஆடியைக் கொண்டாடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகு இன்னும் ஆழமாகிறது. ஜூலை 25இல் சிராவணம் பிறந்துவிட்டது. தெலுங்கு வீடுகளில் அது மங்கல மாதம், வரலட்சுமி விரதத்தின் மாதம், திருமணச் சேலை எடுக்கும் காலம். தமிழ் வீடுகளிலோ ஆகஸ்ட் 16 வரை ஆடி நீள்கிறது. எனவே மூன்று வாரங்களுக்கும் மேலாக, ஒரே கடையின் தெலுங்குப் பலகை 'நல்ல நாளுக்கு நல்ல பட்டு' என்று பெருமிதத்துடன் பேசும். தமிழ்ப் பலகை 'இருப்பு தீரும் வரை' என்று அவசரப்படும். சென்னையிலோ விஜயவாடாவிலோ இது யாரையும் உறுத்தாது, ஏனெனில் அங்கே பெரும்பாலோர் ஒரு பலகையைத்தான் படிப்பார்கள். சித்தூரில் இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. 1911இல் மாவட்டம் அமைந்த நாள் முதல் அது இருமொழி மண். அந்த வாசகருக்கு ஒரே வாசலில் இரண்டு ஆட்கள் நிற்பதாகத்தான் தோன்றும்.

வணிகப் பெயருக்கு 'ஆளுமை' உண்டு என்பதைச் சந்தையியல் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஜெனிஃபர் ஆக்கர் 1997இல் அதை நேர்மை, உற்சாகம், திறமை, நாகரிகம், முரட்டுத்தன்மை என ஐந்து கூறுகளாக அளக்க முயன்றார். மொழியியலுக்கு அந்த அளவுகோல் அவ்வளவாகப் பயன்படாது. அதைவிடக் கைகொடுப்பது ஆசிஃப் ஆகாவின் சிந்தனை: ஒரு பேச்சுவகை திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு, 'இப்படிப் பேசுபவர் இப்படிப்பட்டவர்' என்று சமூகம் அடையாளம் காணும் நிலைக்கு வந்துவிடுகிறது. பண்டிகை விளம்பரமொழி அத்தகைய பேச்சுவகையாக எப்போதோ உறைந்துவிட்டது. 'அதிரடி', 'மாபெரும்', 'அள்ளிச் செல்லுங்கள்', 'முந்துங்கள்' என்னும் சொற்கள், வினைமுற்றில்லாத பெயர்த்தொடர்கள், வரிக்கு வரி ஏவல், ஆச்சரியக்குறி. இந்த மொழியை எடுப்பவர் யாராயினும் கேட்பவர் காதில் சந்தையில் கூவி விற்பவராகவே ஒலிப்பார். ஆக, ஆளுமையைக் கரைப்பது விலைக்குறைப்பு அல்ல. விலைக்குறைப்பைச் சொல்ல அனைவரும் ஒரே வாயைக் கடன் வாங்குவதுதான் கரைக்கிறது.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. அமைப்பியலார் கையாளும் மாற்றீட்டுச் சோதனையேதான். ஒரு பருவத்தில் பல கடைகள் வெளியிட்ட விளம்பர வரிகளைத் திரட்டி, கடைப்பெயர், பண்டிகைப்பெயர், எண்கள் மூன்றையும் நீக்கிவிட வேண்டும். எஞ்சிய வரியை வேறொரு கடையின் பெயருக்குக் கீழ் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா? பொருந்தினால், அந்த வரியில் அந்தக் கடை இல்லை.

ஒரு கற்பனைக் கடையைக் கொண்டு பார்ப்போம். திருப்பதியில் வெங்கடகிரிச் சேலை விற்கும் கடை என்று கொள்வோம். 2022 மாவட்டச் சீரமைப்பில் வெங்கடகிரி திருப்பதி மாவட்டத்துக்கே வந்துவிட்டதால் அது உள்ளூர் நெசவு. ஆண்டு முழுவதும் அக்கடை அமைதியான, தகவல் சொல்லும் குரலில் பேசுகிறது: 'இந்தச் சேலை கைத்தறி. உடல் பருத்தி, கரையில் சரிகை. முதல் இரண்டு சலவையும் குளிர்ந்த நீரில்.' சிறு வாக்கியங்கள், முன்னிலையை அழைக்காத தொனி, வாங்கு என்ற ஏவலே கிடையாது. ஆடி வந்ததும் அது 'ஆடி அதிரடி! 50% வரை தள்ளுபடி! முந்துங்கள்!' என்று மாறினால், பதினோரு மாதம் பேசியவர் கடையை விட்டுப் போய்விட்டார். அதே செய்தியைத் தன் குரலிலேயே சொல்லவும் இயலும்: 'சென்ற ஆண்டு நெய்த நாற்பது சேலைகள் இருக்கின்றன. நிறம் மங்கவில்லை, வடிவம் பழையது. ஆகையால் விலை பாதி. ஆடி முடிந்ததும் மீதியைத் திரும்ப மடித்துவைப்போம்.' எண்ணை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அச்சிடலாம். மாறாதிருக்க வேண்டியது வாக்கியம். தெலுங்கிலும் இதைத் தனியாகவே எழுத வேண்டும், அதுவும் ஆஷாட நாட்களுக்கு. சிராவணத்தில் அந்தப் பலகையை இறக்கிவிட்டு, தமிழ்ப் பலகையில் இதே அமைதியான குரல் தொடர்ந்தால் முரண் பெரிதும் குறையும். கூவலும் பெருமிதமும் அருகருகே நிற்பதுதான் உறுத்தும்; இரண்டு அமைதிகள் உறுத்துவதில்லை.

அமுல் வெண்ணெயின் சுவர் விளம்பரங்கள் 1966 முதல் இதைச் செய்துவருகின்றன. சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸும் உருவாக்கிய அந்தப் புள்ளிச் சட்டைச் சிறுமி பண்டிகைக்கேற்ப உடை மாற்றுவாள், விளக்கு ஏந்துவாள். மேலே நிகழ்வைப் பற்றிய சிலேடை, கீழே அதை வெண்ணெயோடு முடிச்சிடும் இன்னொரு சிறு வரி என்ற கட்டமைப்பு மட்டும் அசைவதில்லை. பண்டிகை அங்கே பொருள், குரல் அவளுடையது. சிலேடை பிறமொழிக்குப் பெயராது என்பதால் இந்த வழி இருமொழி ஊர்க் கடைக்கு அப்படியே உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே இரண்டு எல்லைகள் உண்டு. கூவலே ஆளுமையாக அமைந்த கடைகள் இருக்கின்றன. தியாகராய நகரின் பெருங்கடைகளுக்கு ஆடிதான் இயல்பு நிலை, அவற்றை அமைதியாகப் பேசச் சொல்வதே ஆள்மாறாட்டம். ஆண்டு முழுவதும் குரலே இல்லாத கடையோ பண்டிகையில் இழப்பதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

'வரை' என்னும் சிறு சொல்லும் கவனிக்கத்தக்கது. '50%' பனைமர உயரத்தில் நிற்க, 'வரை' கடுகளவில் ஒண்டியிருக்கும். நிபந்தனைகள் பலகையின் அடியில் ஆங்கிலத்தில். நுகர்வோர் பாதுகாப்பு மைய ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொறுப்புத் துறப்பு வரி விளம்பரக் கூற்றின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் அமைய வேண்டும் என்கின்றன. சட்டத்தை விடுத்து மொழியை மட்டும் பார்த்தாலும், தமிழில் வாக்களித்து ஆங்கிலத்தில் பின்வாங்கும் பலகையில் மூன்றாவதாக ஓர் ஆளும் வந்துவிடுகிறார்.

நாட்காட்டியின் ஆட்டம் ஆண்டுதோறும் வேறாக அமைவதால் இந்தப் பிழை தொடர்ந்து கண்ணில் படுவதுமில்லை. 2023இல் ஆஷாடம் முடிந்த ஜூலை 17தான் ஆடியின் முதல் நாள். அதன்பின் ஜூலை 18 முதல் அதிக சிராவணம் வந்து, தெலுங்கு வீடுகளிலும் மங்கல காரியங்கள் ஒரு மாதம் தள்ளிப்போயின. 2026இலோ அதிக மாதம் ஜ்யேஷ்டத்தில் விழுவதால் ஆஷாடம் ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 12 வரை அமைகிறது. ஆடியோடு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது. அந்த ஆண்டில் 'ஆஷாடம்' என்பதை 'ஆடி' என்று பெயர்த்தவர் சரியாகவே பெயர்த்ததாகத் தோன்றும். அந்த வார்ப்பு அடுத்த ஆண்டுக்கும் கோப்பில் பத்திரமாக இருக்கும்.