‘டைட்டில் க்ளியர்’ என்றால் போதுமா?

சென்ற மாதம் கடற்கரையில் மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் மகனுக்கு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். தரகர் சொன்னதையே எனக்கும் ஒப்பித்தார்: “டைட்டில் க்ளியர் சார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை. வீட்டு வரி அவர் பேர்ல. ஏற்கெனவே பேங்க்கே லோன் குடுத்திருக்கு.” நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனை ஆயிரம் பத்திரங்கள் என் மேசையைக் கடந்தன என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பத்திரத்தில் விழும் முத்திரை, விற்பவர் உண்மையான உரிமையாளர் என்று சொல்வதில்லை. இன்ன தேதியில் இன்னார் வந்து, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார் என்பதோடு அதன் வேலை முடிந்தது. உரிமையைச் சோதிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்குக் கிடையாது என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது, தெளிவாகச் சொல்லிவிட்டது.

வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவேட்டில் ஏறியதைத்தான் அது காட்டும். ஏறாததை எப்படிக் காட்டும்? உயில் பதிவாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் இறந்ததும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் பங்கு எந்தப் பதிவேட்டிலும் தானாக ஏறாது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையும் ஏறாது. ஆகவே ‘வில்லங்கம் இல்லை’ என்ற சொல்லுக்கு ‘பதிவான வில்லங்கம் இல்லை’ என்பதே பொருள். தரகர் சொல்லும் ‘க்ளியர்’ இதற்கு மேல் ஓர் அங்குலமும் போவதில்லை.

சட்டம் கேட்கும் உரிமை வேறு. ஆங்கிலத்தில் மார்க்கெட்டபிள் டைட்டில் என்பார்கள். சந்தையில் விலை போகும் என்று அதற்குப் பொருளில்லை. ‘வேண்டாம்’ என்று நிற்கும் ஒருவரையும் நீதிமன்றம் நியாயமாக ‘வாங்கிக்கொள்’ என்று கட்டாயப்படுத்தக்கூடிய அளவுக்கு ஐயமற்ற உரிமை அது. நம் நாட்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 1963, பிரிவு 17 இதை நேராகவே சொல்கிறது. விற்பவர் தனக்கு நல்ல உரிமை இருப்பதாக நம்பியே ஒப்பந்தம் போட்டிருக்கலாம். ஆனாலும் குறித்த நாளில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத உரிமையைத் தர முடியாவிட்டால், அந்த ஒப்பந்தத்தை வாங்குபவர் மீது அவரால் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. கவனியுங்கள். விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு உரிமையே இல்லை என்று நாம் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. நியாயமான ஐயம் இருந்தால் போதும்.

என் மைத்துனர் கதையைச் சொன்னால் இது விளங்கும். 2019இல் அவர் நம் ஊரில் ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசினார். விலை எண்பது லட்சம், முன்பணம் எட்டு லட்சம், கெடு மூன்று மாதம். விற்றவர் நல்ல மனிதர். வீட்டை அவருடைய தகப்பனார் 1951இல் வாங்கினார். 1994இல் மகன் பேருக்கு மட்டும் பதிவு செய்த உயில் எழுதினார். 2012இல் காலமானார். விற்றவருக்கு மூன்று சகோதரிகள். இருவர் இங்கே, ஒருவர் பிரான்சில். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை.

முன்பணம் கொடுத்த பிறகுதான் மைத்துனர் 1951ஆம் வருடப் பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். நோத்தேர் முன்பாகப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. இத்தனை நாள் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ‘அதான் பழசாச்சே’ என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் நான் உட்கார்ந்து படித்தேன். என் கண்ணில் முதலில் பட்டது பெயர். நம் வழக்கப்படி தன் பெயர், தகப்பன் பெயர் என்றில்லாமல், தகப்பனுக்கும் மகனுக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர் இருந்தது. எத்தா சிவிலில் பிறப்புப் பதிவை எடுக்கச் சொன்னேன். நினைத்தது சரி. ரெனோன்சான் குடும்பம்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, இங்குள்ள இந்தியர்கள் தம் சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வருபவர் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். துறந்தது துறந்ததுதான், திரும்ப முடியாது, சந்ததிக்கும் அதுவே. பின்னால் 1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுவைக்கு வந்தபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே சேர்த்தார்கள்.

இதனால் என்ன ஆகிறது? சாதாரண இந்து ஒருவர் தன் சுயசம்பாதனையை யாருக்கு வேண்டுமானாலும் முழுவதுமாக உயில் எழுதலாம். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் அது முடியாது. பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கு ஒன்று உண்டு. மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் இருந்தால், தகப்பன் இஷ்டப்படி எழுதக்கூடியது சொத்தில் நாலில் ஒரு பங்குதான். மீதி முக்கால் பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும்.

கணக்குப் போட்டேன். இங்கே நாலு பிள்ளைகள். முக்கால் பங்கை நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறில் மூன்று. உயிலின் பலத்தில் மகனுக்கு ஒரு கால் பங்கு, அதாவது பதினாறில் நாலு, கூடுதலாக வரும். ஆக விற்கிறவர் கையில் இருப்பது பதினாறில் ஏழு. சகோதரிகள் மூவருக்கும் சேர்த்துப் பதினாறில் ஒன்பது. எண்பது லட்சத்தில் முப்பத்தைந்து லட்சம் அவருடையது, நாற்பத்தைந்து லட்சம் சகோதரிகளுடையது. பாதிக்கும் மேலே அடுத்தவர் பங்கு!

விற்றவரின் வக்கீல் சும்மா இருக்கவில்லை. உயில் இந்தியச் சட்டப்படி பதிவானது, ஏழு வருடமாக எந்தச் சகோதரியும் கேட்கவில்லை, வரி இவர் பேரில்தான் என்றார். இதில் எது ஜெயிக்கும்? எங்கள் வக்கீல் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: “சார், ரெண்டு பக்கமும் வாதாட விஷயம் இருக்கு. அதுதான் நம்ம பாயின்ட்.”

யோசித்தால் இதன் நியாயம் புரியும். விற்பவரும் வாங்குபவரும் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். நீதிபதி உயில் முழுவதும் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, வாங்கு என்கிறார். அந்தத் தீர்ப்பு யாரைக் கட்டுப்படுத்தும்? வழக்கில் இருந்த இந்த இருவரை மட்டும். பிரான்சில் இருக்கும் சகோதரி அந்த வழக்கில் இல்லையே. நாளைக்கு அவர் வந்து தன் பங்கைக் கேட்டால், பழைய தீர்ப்பைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. எண்பது லட்சம் கொடுத்து ஒரு வழக்கை வாங்கிய கதையாகிவிடும். அந்த நிலையில் ஒருவரைத் தள்ளமாட்டேன் என்று சட்டம் சொல்வதில் என்ன தப்பு?

இனி யார் எதைச் செய்ய வேண்டும் என்பது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, பாரத்தை விற்பவர் தலையில் வைக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவர் தாமாகவே சொல்ல வேண்டும். கேட்டால் தன் வசமுள்ள எல்லா மூலப் பத்திரங்களையும் காட்ட வேண்டும். உரிமை பற்றிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். ‘கேட்டால்’ என்பதை அடிக்கோடிடுங்கள். நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

நாங்கள் கெடு முடிய ஐந்து வாரம் இருக்கும்போது வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினோம். ஒன்று, வாரிசுகள் விவரம். இரண்டு, மூன்று சகோதரிகளும் விற்பனைப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திடட்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். அது கிடைத்தால் மறுநாளே பணம் தயார் என்றும் எழுதினோம். இது முக்கியம். நாம் ஓடப் பார்க்கவில்லை, வாங்கத் தயாராக இருக்கிறோம் என்பது பதிவாக வேண்டும்.

இங்கே இருந்த இருவரும் சம்மதித்தார்கள். பிரான்சில் இருந்தவர் மறுத்துவிட்டார். கெடு முடிந்தது. ‘பதிவுக்கு வராவிட்டால் முன்பணம் பறிமுதல்’ என்று விற்றவர் தரப்பு நோட்டீஸ் விட்டது. அதே 55ஆம் பிரிவைக் காட்டிப் பதில் எழுதினோம். வாங்குபவர் நியாயமான காரணத்தோடு மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு. அதாவது அந்தப் பணம் தீராமல் வீட்டை நிம்மதியாக வேறொருவருக்கு விற்க முடியாது. எட்டு மாதம் இழுத்தடித்து எட்டு லட்சமும் வந்து சேர்ந்தது. வட்டி கேட்கவில்லை, விட்டுவிட்டோம்.

இதுவரை அந்தச் சகோதரி வழக்குப் போடவில்லை. ‘பார்த்தீர்களா, வீணாகப் பயந்தீர்கள்’ என்று தரகர் இன்றும் சொல்கிறார். வீட்டை வாங்கியிருந்தால், வழக்கு வருமா வராதா என்று ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியவர் என் மைத்துனர். தரகர் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. விலை இறங்கிவிட்டது, லோன் கிடைக்கவில்லை என்பதற்காக ஐயத்தைக் கிளப்புகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியது, கதவு எண் மாறியது, அடைத்துத் தீர்த்து ரசீதும் இருக்கும் பழைய அடமானம், இவையெல்லாம் நியாயமான ஐயம் அல்ல. இவற்றைக் காட்டிப் பின்வாங்கினால் முன்பணம் போகலாம். அதேபோல் குறையைத் தெரிந்துகொண்டே ஒப்பந்தம் போட்டவரும், ‘உரிமையைச் சோதித்துத் திருப்தி அடைந்தேன்’ என்ற வரியின் கீழ் படிக்காமல் கையெழுத்திட்டவரும் பிறகு புலம்பிப் பயனில்லை. பத்திரம் பதிவாகிவிட்டால் பின்வாங்கும் பேச்சே முடிந்தது. அதற்குப் பிறகு இருப்பது நஷ்டஈட்டு வழக்குதான்.

ஆகவே என் நண்பருக்கு நான் சொன்னது இதுதான். ‘க்ளியர் டைட்டில்’ என்று தரகர் எழுதிக்கொண்டு வரும் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுங்கள். ‘நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத, விற்கத்தக்க உரிமையை இன்ன தேதிக்குள் விற்பவர் காட்ட வேண்டும், தவறினால் முன்பணம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பிரெஞ்சில் பழைய பத்திரம் இருந்தால் தூக்கி ஓரமாக வைக்காமல், படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறோம். நான் இன்னும் சில வருடம் கடற்கரைக்கு வருவேன்.