அந்தக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும்



மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி முடிவுகள் வந்ததிலிருந்து, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரே பேச்சுதான். "வெயிட்லிஸ்ட்ல போட்டுட்டாங்க. என்ன எழுதி அனுப்பலாம்?" கேட்பவர் அம்மா அல்லது அப்பா. பிள்ளை காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு தந்தை, மகளின் பெயரில் தானே எழுதி முடித்த கடிதத்தை லேப்டாப்பில் காட்டித் திருத்தித் தரச் சொன்னார். மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அனுப்பிட்டுச் சொல்லிக்கலாம்" என்றார். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இன்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் கை வைக்காதீர்கள்.

முதலில், இந்தப் பட்டியல் எப்படி நகர்கிறது என்பதையே நம்மில் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறோம். நம் மனத்தில் இருப்பது ரயில் டிக்கெட். வெயிட்டிங் லிஸ்ட் 14 என்றால், முன்னால் இருப்பவர்கள் ரத்து செய்யச் செய்ய 13, 12 என்று இறங்கி வரும். அதனால்தான் அட்மிஷன் ஆபீஸுக்குப் போன் போட்டு "என் பையன் எத்தனையாவது?" என்று கேட்கிறோம். பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி ஒரு எண்ணே கிடையாது.

நடப்பது வேறு. ஒரு கல்லூரியில் முதலாண்டுக்கு 1,000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். கூப்பிட்ட எல்லோரும் வரமாட்டார்கள் என்பதால் 2,500 பேருக்கு இடம் கொடுக்கிறார்கள். மே 1, டெபாசிட் கட்டக் கடைசி நாள். அன்று எண்ணிப் பார்த்தால் 960 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதி 40 பேரைக் காத்திருப்போரிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது அவர்கள் பார்ப்பது, சேர்ந்திருக்கும் 960 பேரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை. ஒரு துறையில் ஆள் குறைவாக இருக்கலாம், ஒரு வாத்தியம் வாசிக்க ஆளில்லாமல் இருக்கலாம், ஒரு மாநிலத்திலிருந்து யாருமே வராமல் இருக்கலாம். அடுத்து அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கூப்பிட்டால் இந்தப் பிள்ளை வருமா? இழுத்தடிக்க அவர்களுக்கு நேரமில்லை. பதில் சொல்ல நமக்குக் கிடைப்பதும் சில நாட்கள்தான், சில சமயம் அதற்கும் குறைவு.

பிள்ளை அனுப்பும் 'லெட்டர் ஆஃப் கன்டின்யூட் இன்ட்ரெஸ்ட்' அந்த மேசைக்குத்தான் போகிறது. அங்கே அதற்கு இரண்டே வேலை. கூப்பிட்டால் வருவேன் என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் அனுப்பிய பிறகு புதிதாக என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

நாம் எழுதும்போது இந்த இரண்டும்தான் காணாமல் போகின்றன. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூத்த மகளை நான்கு கல்லூரிகள் காத்திருப்புப் பட்டியலில் வைத்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள், நான் உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். சாட் மதிப்பெண், எட்டு ஏபி பாடங்கள், பரதநாட்டிய அரங்கேற்றம், மருத்துவமனையில் தொண்டு செய்த மணிக்கணக்கு என்று விண்ணப்பத்தில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாக மறுபடி அடுக்கினேன். சிறு வயதிலிருந்தே உங்கள் கல்லூரிதான் என் கனவு என்று தொடங்கினேன். நான்கு கல்லூரிக்கும் அதே கடிதம், பெயரை மட்டும் மாற்றி. அந்த நான்கில் ஒன்றில் இரண்டாம் பக்கத்தில் வேறொரு கல்லூரியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்தவள் என் மகள்தான். "அம்மா, இதுல என் குரல் எங்கேயுமே இல்லையே" என்றாள். பெயர் தவறிப்போனதைவிட அந்த வார்த்தைதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

எந்தக் கல்லூரியும் அவளைக் கூப்பிடவில்லை. கடிதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையின் எஸ்ஸேக்களைப் படித்துவிட்டு, அடுத்து நாற்பத்தைந்து வயதுக்காரி எழுதியதைப் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேனே, அது என் தவறு. ஆயிரக்கணக்கில் படிக்கும் கண்கள் அவை.

இரண்டாண்டு கழித்து மகனுக்கும் அதே நிலை வந்தது. இந்த முறை நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. அவன் முதலில் செய்தது, போர்ட்டலுக்குள் போய், காத்திருக்க விரும்புகிறேன் என்று ஒப்புதல் கொடுத்தது. அதைக் கொடுக்காவிட்டால் பட்டியலில் பெயரே இருக்காது. எத்தனை உருக்கமாகக் கடிதம் எழுதினாலும் பயனில்லை. பிறகு கல்லூரி அனுப்பிய குறிப்பைப் படித்தான். சில கல்லூரிகள் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும். அங்கே எதுவும் அனுப்பக் கூடாது. சில, போர்ட்டலில் உள்ள படிவத்தில் மட்டும் எழுதச் சொல்லும். இவன் கல்லூரி ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவேற்றச் சொல்லியிருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அனுப்பினான். அவன் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"காத்திருப்புப் பட்டியலில் இடம் கொடுத்ததற்கு நன்றி. எனக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன். ஜனவரியில் விண்ணப்பித்த பிறகு இரண்டு விஷயங்கள் நடந்துள்ளன. என் எஸ்ஸேயில் சொன்ன ஓடையில் மாதாமாதம் நைட்ரேட் அளந்து வந்தேன். பிப்ரவரியில் பனி உருகியபோது அளவு ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று தேடியதில் ஒரு மழைநீர்க் குழாயைக் கண்டுபிடித்தேன். மார்ச்சில் எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். குழாயைச் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, அரையாண்டு அறிக்கையில் கால்குலஸில் பி பிளஸ் இருந்தது. மூன்றாம் காலாண்டில் ஏ வாங்கியிருக்கிறேன். அதற்காக வாரம் இரண்டு நாள் ஆசிரியரிடம் காலையில் போய்க் கற்றேன். உங்கள் ஆற்றுக் கள நிலையத்தில் முதலாண்டு மாணவர்களும் மாதிரி எடுக்கப் போகலாம் என்று படித்தேன். நான் செய்ய விரும்புவது அதைத்தான்."

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். இதில் ஒரு விருதுகூட இல்லை என்பதைப் பாருங்கள். ஆனால் விண்ணப்பத்தைப் படித்தவருக்கு இதில் உள்ள ஒவ்வொரு வரியும் புதிது. குறைந்த மதிப்பெண்ணை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, என்ன செய்தேன் என்கிறான். கள நிலையத்தைப் பற்றிய வரியை வேறு கல்லூரியின் பெயர் போட்டு அனுப்ப முடியாது. ஒரு கடிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதுவே எளிய வழி: கல்லூரியின் பெயரை மாற்றினாலும் கடிதம் பொருந்துகிறது என்றால், அது இன்னும் எழுதி முடியவில்லை.

அவன் கடிதத்தில் எனக்குக் கிடைத்த வேலை, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தது மட்டும்.

இனி, நாம் உண்மையில் வெட்கப்பட வேண்டிய விஷயம். "இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன்" என்ற அந்த வரியை மூன்று கல்லூரிகளுக்கு எழுதச் சொல்கிறோம். யாருக்குத் தெரியப் போகிறது என்கிறோம். அட்மிஷன் ஆபீஸிலிருந்து பள்ளிக் கவுன்சிலருக்குப் போன் போட்டு, இந்தப் பிள்ளை நிச்சயமாக வருமா என்று கேட்பது உண்டு. கவுன்சிலர் நம் பிள்ளையை நம்பி 'வரும்' என்று சொல்கிறார். பிள்ளை வரவில்லை. அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்காக அதே கவுன்சிலர் பேச வேண்டும். அவர் சொல்லுக்கு நாம் ஏற்படுத்திய சேதத்தை யார் வீட்டுப் பிள்ளை சுமப்பது? யாருக்கும் தெரியாமலே போனாலும், தன் கையெழுத்துக்கு மேலே பொய் எழுதலாம் என்று பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். அந்த வரி ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். மற்றவற்றுக்கு, விருப்பம் இன்னும் இருக்கிறது என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட. போகவே மனமில்லாத கல்லூரியின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அந்த வரியை எழுதுவதற்கு முன் பணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவது மட்டும் நம் கடமை. காத்திருப்போரைக் கூப்பிடும் நேரத்தில் சில கல்லூரிகளில் உதவித்தொகை மிகக் குறைந்திருக்கும். உதவி கிடைக்காவிட்டால் அனுப்ப முடியாது என்றால், 'கட்டாயம்' என்ற சொல்லைப் பிள்ளை எழுதக் கூடாது. இதைக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டு, ஜூனில் போன் வந்த பிறகு கையை விரிக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

சிபாரிசு தேடி அலைவதையும் நிறுத்துங்கள். அந்தக் கல்லூரியில் படித்த நண்பர், கோயில் நிர்வாகி, கம்பெனி மேலாளர் என்று ஆளாளுக்குக் கடிதம் வாங்கி அனுப்பினால், பிள்ளையின் ஒரு பக்கம் அந்தக் கட்டுக்குள் புதைந்துபோகும். தேவைப்படும் ஒரே பெரியவர் பள்ளிக் கவுன்சிலர். புதிய மதிப்பெண்களை அவர் அனுப்பட்டும். அவரிடம் போய்க் கேட்பதும் பிள்ளையின் வேலையே. நாம் வாராவாரம் போன் செய்வதால் எந்தக் கோப்பும் மேலே வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மே 1-க்குள் இடம் கொடுத்த ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டிவிடுங்கள். பட்டியல் நகரட்டும் என்று காத்திருந்து, கையில் இருந்த இடத்தை இழக்காதீர்கள். பின்னால் வேறிடம் கிடைத்தால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. அந்த நஷ்டம் தெரிந்தே ஏற்பது. கட்டிய கல்லூரியை வீட்டில் 'வேற வழியில்லாம கட்டினது' என்று சொல்லாதீர்கள். ஆகஸ்டில் பிள்ளை படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போகப் போவது அநேகமாக அங்கேதான்.

என் மகனுக்கும் போன் வரவில்லை. ஜூன் கடைசியில் பட்டியலை மூடிவிட்டோம் என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. டெபாசிட் கட்டிய கல்லூரிக்கே போனான். ஆனால் அந்தக் கடிதம் இன்னும் அவனிடம் இருக்கிறது. அங்கே முதலாண்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை கேட்டு எழுதியபோது, அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு எழுதினான். நான் எழுதிய மூன்று பக்கம் என் மகளுக்கு எதற்கும் உதவவில்லை.

பெற்றோர்களே, இந்த வாரம் லேப்டாப்பை மூடி வையுங்கள். பிள்ளையிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "கூப்பிட்டால் நிச்சயமாகப் போவாயா? ஜனவரிக்குப் பிறகு என்ன செய்தாய்?" பதில் வந்ததும் எழுந்து போய்விடுங்கள். கடிதத்தை அவர்கள் எழுதட்டும்.