படம் முடிஞ்சதும் மைக் யாரு கையில?

பெங்களூர்ல தமிழ்ப் படம் போட்டு, அப்புறம் அதை எடுத்தவங்களோட பேசுற கூட்டங்களுக்கு அடிக்கடி போறவன் நான். சில சமயம் நடுவுல உட்கார்ந்து நடத்தவும் சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கூட்டங்கள் பாழாகறது கோபக்காரரால இல்லை, நடத்துறவரோட முதல் கேள்வியால.

வினோத்ராஜோட 'கூழாங்கல்' படத்தையே எடுத்துக்குவோம். 2021ல ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கின படம், ஓடுறது 75 நிமிஷம்தான். படக்குழுவுல ஒருத்தர் வந்திருக்கார்னு வெச்சுக்குங்க. "இந்தக் கதை எப்படித் தோணுச்சு?"ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. இயக்குநரோட சகோதரியை அவங்க வீட்டுக்காரர் துரத்திவிட, அவங்க குழந்தையோட 13 கிலோமீட்டர் நடந்தே வந்த சம்பவத்தை அவர் எத்தனையோ பேட்டியில சொல்லியாச்சு. வந்தவர் ஒப்பிப்பார், கூட்டம் செல்போனை எடுக்கும்.

அதுக்குப் பதிலா இப்பத்தான் எல்லாரும் பார்த்த ஒரு காட்சியைத் தொடணும். பஸ் காசைப் பையன் கிழிச்சுடறான், அதனால ரெண்டு பேரும் வெயில்ல நடக்க வேண்டியதாப் போகுது. கடைசியில வாயில அடக்கியிருந்த கூழாங்கல்லை வீட்டுல ஏற்கனவே இருக்கிற குவியலோட சேர்க்கிறான். "அந்தக் குவியல் எழுதும்போதே இருந்ததா, எடுக்கும்போது வந்ததா?"ன்னு கேட்டுப் பாருங்க. இந்த நடை முதல் தடவை இல்லைங்கிறது அந்தக் குவியல்ல இருக்கு. அதைக் கவனிக்காதவங்களும் நிமிர்ந்து உட்காருவாங்க.

இந்த மாதிரி அஞ்சு கேள்வி எழுதி வெச்சுப்பேன், ரெண்டுதான் கேட்பேன். ஒண்ணு ஆரம்பிக்க. இன்னொண்ணு யாரும் கை தூக்காத அந்த சங்கடமான அரை நிமிஷத்துக்கு. மிச்சம் பையிலேயே இருக்கட்டும், கூட்டத்தோட கேள்வி நம்ம கேள்வியைவிட முக்கியம் இல்லையா!

நம்ம ஊர்ல (பெங்களூரும் இப்ப நம்ம ஊர்தானே!) இன்னொரு வேலையும் உண்டு. பாதிப் பேர் தமிழ்ல கேட்பாங்க, கன்னடக்காரர் கன்னடத்துல கேட்பார், ஒருத்தர் இங்கிலீஷ்ல. எல்லாத்தையும் சுருக்கி இன்னொரு மொழியில திருப்பிச் சொல்லணும். அந்த இருபது செகண்ட் வந்தவருக்கு யோசிக்கவும் உதவும்.

இப்ப வரும் பாருங்க அந்தக் குரல்: "எங்க வறுமையைக் காட்டி ஃபாரின்காரன்கிட்ட அவார்டு வாங்கறீங்க, வெக்கமா இல்லையா?" பழைய குற்றச்சாட்டுதான். 1980ல நர்கிஸ் இதையே சத்யஜித் ராயைப் பார்த்துச் சொன்னாங்க.

பலர் இங்கே சிரிச்சு மழுப்பறாங்க, "நல்ல கருத்து, அடுத்த கேள்வி"ன்னு நகர்ந்துடறாங்க. அது மரியாதை மாதிரி தெரியும், ஆனா கேட்டவருக்கு அவமானம். அஞ்சு நிமிஷத்துல இன்னும் சத்தமா திரும்ப வருவார். வந்தவருக்காக நாமே வக்காலத்து வாங்கறதும் தப்பு, அவருக்கு வாய் இருக்கு.

நான் பண்றது இவ்வளவுதான். வசவை விட்டுட்டு, பல்லை மட்டும் பிடுங்காம திருப்பிச் சொல்வேன்: "சார் கேட்கிறது, இந்தப் படம் யாருக்காக எடுத்தது, அந்த ஊர்க்காரங்க பார்த்தாங்களாங்கிறது. சரியாச் சொல்றேனா சார்?" அவர் தலையாட்டினதும் வந்தவர் பக்கம் திரும்புவேன். "படம் மெதுவாப் போகுது"ன்னு குத்தினாலும் இதே வழிதான். நடக்கிற நேரத்தை வெட்டாம வெச்சது ஏன்னு கேட்டா அது எடிட்டிங் பத்தின உருப்படியான கேள்வி.

இதெல்லாம் செய்ய மைக் நம்ம ஆள் கையிலேயே இருக்கணும். தன்னார்வலர் பிடிச்சுக்கிட்டு நிற்கட்டும், கேட்கிறவர் பேசட்டும். கையில கொடுத்துட்டா நாலு நிமிஷ சொற்பொழிவு நிச்சயம். அப்படி நீண்டா, அவர் மூச்சு வாங்கற இடத்துல அவர் கடைசியா சொன்ன வார்த்தையையே பிடிச்சுக்கிட்டு உள்ளே நுழையலாம்.

ஆனா சாதி, ஒரு பொண்ணோட உடம்பு, குடும்பம்னு பேச்சு போனா திருத்திச் சொல்லவே கூடாது. அதுக்குள்ள கேள்வி எதுவும் இல்லை. "இதை எடுத்துக்க மாட்டேன்"னு ஒரு வரி, அடுத்த கை.

நடத்துறவரால ஒண்ணுமே முடியாத இடமும் இருக்கு. 2023 செப்டம்பர்ல இதே பெங்களூர்ல 'சித்தா' படத்துக்கு சித்தார்த் பத்திரிகையாளர்களோட பேசிக்கிட்டு இருந்தப்போ, காவிரிப் பிரச்சினைக்காக ஒரு கூட்டம் உள்ளே வந்து நிறுத்தச் சொன்னது. அவர் நன்றி சொல்லிட்டு எழுந்து போனார். அங்கே சாமர்த்தியமான பதில் எதுவும் எடுபடாது. அவங்க கேள்வி கேட்க வரலை. அந்த நேரத்துல வந்தவரை எந்தக் கதவு வழியா, யார் கூட்டிக்கிட்டுப் போறதுங்கிறதை படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அமைப்பாளர்கிட்ட கேட்டு வெச்சுக்கணும். நான் இப்பல்லாம் ஹாலுக்குள்ள போனதும் முதல்ல பார்க்கிறது அந்தப் பின்கதவைத்தான்.