ஆணை செல்லாது, ஆனால் ஏழு மாதம் போனது போனதுதான்

ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் கார்த்திகை முதல் மாசி வரைக்கும்தான் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு வருமானம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற அந்த நான்கு மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மிச்ச எட்டு மாதங்களை ஓட்டுவார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவன் வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஐப்பசியில் ஒரு கைகலப்பு வழக்கில் கைதானான். ஏற்கெனவே அவன் மேல் இரண்டு சின்ன வழக்குகள் இருந்தன. ரிமாண்டில் இருக்கும்போதே குண்டர் சட்டத்தில் தடுப்புக்காவல் ஆணை போய்ச் சேர்ந்தது. வேலூர் மத்திய சிறை.

ஏழு மாதம் கழித்து உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தீர்ப்பு நகலை அவன் அம்மாவிடம் கொடுத்தபோது அவர் கேட்டது இது: "தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே தம்பி, அப்ப என் புள்ளைக்கு இன்னா குடுப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வக்கீல் என்றாலும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். மாவட்டத்தில் ஆட்சியரும் மாநகரத்தில் காவல் ஆணையரும் ஆணை போடுவார்கள். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டை நிரூபிக்க வேண்டியதில்லை, அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைக்கலாம். காரணங்களை ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவன், முன்னாள் நீதிபதிகள் முன் தனியாக நின்று, தான் பொது ஒழுங்குக்கு ஆபத்தானவன் இல்லை என்று விளக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் வழி ஆட்கொணர்வு மனு. தம்பியின் வழக்கில் ஆணை ரத்தானதற்குக் காரணம், குடும்பம் கொடுத்த கோரிக்கை மனுவை அரசு பல நாள் பரிசீலிக்காமல் வைத்திருந்ததும், கொடுத்த ஆவணக் கட்டில் சில பக்கங்கள் படிக்கவே முடியாத நகல்களாக இருந்ததும். இப்படிப்பட்ட காரணங்களால்தான் தடுப்புக்காவல் ஆணைகள் பெரும்பாலும் விழுகின்றன. அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு தரும் பாதுகாப்பு இது, அற்பமானதல்ல. ஆனால் நீதிமன்றம் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். "இவன் குண்டன் இல்லை" என்று சொல்லவில்லை. "ஆணை போட்ட முறை தவறு" என்கிறது. பின்னால் இழப்பீடு கேட்கப் போகும்போது இந்த வேறுபாடுதான் காலை வாருகிறது. காகிதத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால் இதே ஆணை நின்றிருக்குமே, அப்படியானால் எதற்கு இழப்பீடு என்று அரசு வாதிடும்.

ரத்து என்பது ஒரு காகிதத்தைக் கிழிக்கும் பரிகாரம். அந்தக் காகிதத்தால் மட்டும் பூட்டியிருந்தால்தான் கதவு திறக்கும். "வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் விடுவிக்கவும்" என்று தீர்ப்பின் கடைசி வரியில் இருக்கும். அடிப்படை வழக்கில் ஜாமீன் வாங்கி வைக்காததால் தம்பி தீர்ப்புக்குப் பிறகும் பதினோரு நாள் உள்ளே இருந்தான். குண்டாஸ் இருக்கும்போது ஜாமீன் எதற்கு என்று குடும்பம் நினைத்தது இயல்புதான். அது தவறான கணக்கு.

கிழிக்கக் காகிதமே இல்லாமல் போவதும் உண்டு. இதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்ததும், குடும்பத்தினர் மனுவை அடுத்து ஆறு பேர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. நல்லதுதான். ஆனால் அரசு திரும்பப் பெற்றால் ஆணை சட்டவிரோதமா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லத் தேவையில்லை. கருணையாக முடிந்துபோகிறது. 12 மாதம் தானாக ஓடி முடிந்தாலும் இதே கதை, மனு "பயனற்றதாகிவிட்டது" என்று மூடப்படும்.

இங்கேதான் விளம்புகைப் பரிகாரம் வர வேண்டும். ஆணை உயிரோடு இல்லாவிட்டாலும், அது போடப்பட்டபோதே சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் அறிவிக்கச் சொல்லிக் கேட்பது. வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில், அடுத்த வழக்கின் ஜாமீன் எதிர்ப்பில், "ஏற்கெனவே குண்டாஸில் இருந்தவர்" என்ற ஒரு வரி தொடர்ந்து வரும்போது இந்த அறிவிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது யாரையும் எதையும் செய்யச் சொல்லாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இன்னொரு முட்டுக்கட்டை: மேற்கொண்டு பரிகாரம் கேட்க முடிந்தும் கேட்காமல் வெறும் அறிவிப்பு மட்டும் கேட்டால் தர மாட்டார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் நல்ல தீர்ப்புகளிலும் இந்த இடைவெளி தெரியும். ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், காலாவதி மருந்து விற்றதாக ரேகாவின் கணவரை 2010 ஏப்ரலில் இதே சட்டத்தில் பிடித்தார்கள். சாதாரணச் சட்டமே போதும் என்னும்போது தடுப்புக்காவல் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன தீர்ப்பின் தேதி 2011 ஏப்ரல். நாங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. ஆனால் அதற்குள் அதிகபட்சக் காவலான 12 மாதமே ஏறக்குறைய ஓடிவிட்டது.

அம்மா கேட்டது இழப்பீடு. பீகாரில் 1968இல் விடுதலையான பிறகும் 1982 வரை சிறையில் வைக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் தரச் சொன்னதுதான் அடிப்படை உரிமை மீறலுக்கான இழப்பீட்டின் தொடக்கம். 14 வருடத்துக்கு அந்தத் தொகை. அங்கே யாரும் மறுக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது: விடுதலைத் தீர்ப்பு. தடுப்புக்காவலில் அது இல்லை. உயர்நீதிமன்றத்தில் கேட்டால், உண்மைகளில் தகராறு இருக்கிறது, உரிமையியல் நீதிமன்றம் போங்கள் என்பார்கள். அங்கே போனால், நல்லெண்ணத்தோடு செய்ததற்கு வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பைக் குண்டர் சட்டமே அதிகாரிகளுக்குத் தந்து வைத்திருக்கிறது. தவறு நடந்ததைக் காட்டினால் போதாது, கெட்ட எண்ணத்தோடு நடந்ததையும் காட்ட வேண்டும். காலனிப் பையன் ஒருவன் ஆட்சியரின் எண்ணத்தை எங்கிருந்து நிரூபிப்பான்?

1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் சேரும்போதே, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. அந்த விலக்கு பொருளிழந்துவிட்டது என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கதவு முழுக்க மூடியில்லை. ஆனால் சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீட்டு வழக்கு போட, காவல் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் காலவரம்பு.

அந்த ஒரு வருடத்தில் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான்? ஆட்டோக்காரர் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அம்மா அடகு வைத்த கம்மலை மீட்கப் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஊருக்கு வந்து என்னைப் பார்த்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விடுதலையான அன்றே நான் தேதி குறித்து வைத்து அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது குண்டாஸ் மனு எது வந்தாலும் மூன்றையும் முதல் நாளிலேயே பேசிவிடுகிறேன்: கோரிக்கை மனு இன்றைக்கே அனுப்புங்கள், ஜாமீனையும் கூடவே போடுங்கள், வெளியே வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.